மீந்த சால்னாவுக்கு 504

இரவு பதினொரு மணி. ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு அசைவ ஹோட்டலின் பட்டறையில் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய அண்டாவில் சுமார் 20 லிட்டர் சால்னா மீந்திருக்கிறது. மாஸ்டர் அதன் மேல் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புகிறார். காலையில் கொதிக்கவைத்து, மதியக் கூட்டத்துக்குப் பரோட்டாவோடு ஊற்றிவிடலாம். தமிழ்நாட்டில் எத்தனையோ கடைகளில் வழக்கமாக நடப்பதுதான் இது.

இந்த அண்டாவை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பழுதுமுறை, விளைவு அலசல் என்று தமிழில் சொல்லலாம். தொழிற்சாலைக்காரர்கள் எஃப்.எம்.இ.ஏ. என்பார்கள். இதற்கும் சமையலுக்கும் முதலில் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1949-இல் அமெரிக்க ராணுவம் தன் கருவிகளுக்காக வகுத்த நடைமுறை அது. ஒரு பாகம் எந்தெந்த விதத்தில் பழுதாகலாம், பழுதானால் மொத்தக் கருவிக்கும் என்ன ஆகும் என்று பழுதாவதற்கு முன்பே உட்கார்ந்து எழுதிவைப்பது. பிறகு நிலவுப் பயணத் திட்டத்துக்கு அது போனது. 1970-களில் கார் கம்பெனிகளுக்கு வந்தது.

உணவுக்குள் இது நுழைந்த கதை சுவையானது. விண்வெளி வீரர்களுக்கு உணவு செய்துதரும் வேலையை 1959 வாக்கில் பில்ஸ்பரி என்ற மாவுக் கம்பெனி ஏற்றது. விண்கலத்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தயாரான உணவைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்த்தால், நிச்சயமாகச் சொல்லும் அளவுக்குச் சோதிக்கும்போது செய்த சரக்கில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடுகிறது. அனுப்புவதற்குக் கொஞ்சம்தான் மிஞ்சுகிறது. பில்ஸ்பரியின் ஹோவர்ட் பாமனும் அவருடன் இருந்தவர்களும் ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகத்தில் இருந்த பழுதுமுறை அலசலைக் கடன் வாங்கினார்கள். கடைசியில் சோதிப்பதை விட்டுவிட்டு, செய்யும் ஒவ்வொரு படியிலும் எங்கே கெடலாம் என்று பார்க்கத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் உணவுத் தொழிற்சாலைகளில் நடைமுறையில் இருக்கும் ஹசாப் முறை அங்கிருந்து கிளைத்ததுதான்.

ஹோட்டலுக்கு வருவோம். மாலை நாலு மணி, கூட்டம் இல்லாத நேரம். முதலாளி, மாஸ்டர், பரோட்டா போடுபவர், ஒரு சப்ளையர், பாத்திரம் கழுவும் அக்கா, இந்த ஐந்து பேரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். பாத்திரம் கழுவுபவர் எதற்கு என்று முதலாளி கேட்பார். இரவு கடைசியாக விளக்கை அணைப்பவர் அவர்தான். மற்றவர்கள் கிளம்பிய பிறகு எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மொத்தச் சமையலறையையும் ஒரே தாளில் எழுதப் பார்த்தால் மூன்றாம் பக்கத்தில் எல்லோருக்கும் தூக்கம் வந்துவிடும். ஒரு பதார்த்தம் போதும். சால்னாவை எடுத்துக்கொள்வோம்: கறி வாங்குவது, கழுவுவது, மசாலா அரைப்பது, கொதிக்கவைப்பது, கூட்டம் முடியும்வரை சூடாக வைத்திருப்பது, மீந்ததை ஆற்றுவது, எடுத்துவைப்பது, மறுநாள் சூடாக்குவது.

ஒவ்வொரு படிக்கும் மூன்று கேள்விகள். இங்கே என்ன தவறாகப் போகலாம்? போனால் சாப்பிடுபவருக்கு என்ன ஆகும்? அது எதனால் நடக்கும்? கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் முதல் தாளில் பெரும்பாலும் எழுதப்படுவது "மாஸ்டர் கவனக்குறைவு" என்ற வரிதான். அதை உடனே அடிக்க வேண்டும். கவனக்குறைவு ஒரு பழுது அல்ல, காரணமாகக்கூடத் தேறாது. அதைத் திருத்த யாராலும் எதுவும் செய்ய முடியாது, "இனிமே கவனமா இரு" என்று சொல்வதைத் தவிர. ஆற்றும் படியில் பழுது என்னவென்றால், "சால்னா பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கிறது". காரணம், "ஆழமான அண்டாவில் மூடியபடி ஆறவிடுவது". இப்படி எழுதினால்தான் கைவைக்க ஓர் இடம் கிடைக்கும்.

அடுத்து மதிப்பெண். ஒவ்வொரு வரிக்கும் மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 1 முதல் 10 வரை. முதலாவது தீவிரம்: வாடிக்கையாளர் முகம் சுளிப்பதோடு போனால் 3, பலர் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆனால் 8, உயிருக்கே ஆபத்தென்றால் 10. இரண்டாவது, எவ்வளவு அடிக்கடி நடக்கிறது: தினமும் என்றால் 9, 10, வாரத்தில் சில முறை என்றால் 7, வருடத்தில் ஒருமுறை என்றால் 2. மூன்றாவது, மேஜைக்குப் போவதற்கு முன் நம் கண்ணில் படுமா என்பது. இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். எண் தலைகீழாக ஓடுகிறது. நிச்சயம் கண்ணில் பட்டுவிடும் என்றால் 1. யாருக்கும் தெரியாமல் தட்டுவரை போய்விடும் என்றால் 10. பெரிய எண் என்றால் பெரிய ஆபத்து என்று மூன்றுக்கும் பொதுவாக மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இந்த மூன்றையும் பெருக்கினால் வருவது இடர் முன்னுரிமை எண். குறைந்தது 1, அதிகபட்சம் 1,000. எண் பெரிதாக உள்ள வரியை முதலில் கவனி என்பது கணக்கு.

இந்த மூன்றாவது எண்ணைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். சமையல்காரர்களின் கண்ணும் மூக்கும் நாக்கும் வருடக்கணக்கில் பழகியவை. கருகிய மசாலா, புளித்த தயிர், உப்புக் கூடிய குழம்பு எதுவும் அவர்களைத் தாண்டிப் போகாது. அதனாலேயே, மூக்குக்குத் தெரியாத ஆபத்தை அவர்கள் ஆபத்தாகவே நினைப்பதில்லை. சமையல் எரிவாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இயல்பில் வாசனை கிடையாது. நாம் அறிந்த அந்த அழுகல் நாற்றம், கசிந்தால் தெரியட்டும் என்று கலக்கப்படும் மெர்காப்டன் என்ற பொருளுடையது. 1937-இல் அமெரிக்காவின் டெக்சஸில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில் கசிந்த இயற்கை எரிவாயு வெடித்து ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். கசிந்தது யார் மூக்கிலும் படவில்லை. அதன் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. எரிவாயுவின் தீவிரம் அதனால் குறையவில்லை, கசிவும் நின்றுவிடவில்லை. மாறியது மூன்றாவது எண் மட்டும்தான்.

சால்னாவுக்கு அப்படி ஒரு நாற்றம் சேர்ப்பார் யாரும் இல்லை.

அந்த அண்டாவுக்குள் இரவில் நடப்பது இதுதான். 90 டிகிரியில் இறக்கிய 20 லிட்டர் குழம்பு, 30 டிகிரி வெப்பமுள்ள அறையில், காற்றில் மட்டுமே ஆறுகிறது. தோராயமாகக் கணக்குப் போட்டால் 60 டிகிரிக்கு வரவே மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். காலை ஏழு மணிக்கு மூடியைத் திறக்கும்போது நடுப்பகுதி இன்னும் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். அதாவது, ஆபத்தான வெப்பநிலை என்று உணவுத்துறையினர் சொல்லும் 5 முதல் 60 டிகிரி வரையான எல்லைக்குள், அதிலும் மிக மோசமான பகுதியில், நாலைந்து மணி நேரம் கழிந்திருக்கிறது.

கொதிக்கும்போது கிருமிகள் செத்துவிடும், உண்மைதான். ஆனால் கறியிலும் மசாலாவிலும் வரும் சில கிருமிகள் வித்து என்ற கெட்டியான கூட்டுக்குள் ஒடுங்கிக் கொதியையும் தாங்கிக்கொள்கின்றன. கறிக்குழம்பில் முக்கியமானது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். கொதித்த குழம்பில் காற்று போயிருக்கும். காற்றில்லாத இடம் அதற்கு உகந்தது. போட்டிக்கு வேறு கிருமியும் இல்லை. 43 முதல் 47 டிகிரி வரையான சூட்டில் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. மூன்று மணி நேரம் அப்படியே ஓடினால் ஒன்று இரண்டரை லட்சம் ஆகும். நிறம் மாறாது, நுரைக்காது, வாசனையும் மாறாது.

இப்போது மேஜைக்குத் திரும்புவோம். மதிப்பெண் போடும்போது பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"இருபது வருஷமா இப்படித்தாண்ணே வைக்கிறேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல" என்பார் மாஸ்டர். "கெட்டுப் போனா மோந்து பாத்தாலே தெரியாதா?"

"வாரத்துல எத்தனை ராத்திரி மீறுது மாஸ்டர்?"

"அது… மூணு நாலு நாள் மீறும்."

முதலாளி இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது எண்ணில் எழுதுவது நோய் எத்தனை முறை வந்தது என்பதை அல்ல. சால்னா வெதுவெதுப்பாகக் கிடப்பது எத்தனை முறை நடக்கிறது என்பதை. நோய் வந்ததா என்பதை மாஸ்டர் அறிய வழியே இல்லை. இந்தக் கிருமியால் வரும் வயிற்றுவலியும் பேதியும் சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். மதியம் சாப்பிட்டவர் நள்ளிரவில் எழுந்து ஓடும்போது, மாலையில் குடித்த ஜூஸைத்தான் திட்டுவார். ஹோட்டலுக்குப் போன் செய்ய மாட்டார். இருபது வருட அமைதியைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. வாரத்தில் மூன்று, நான்கு இரவு என்றால் அது 7.

தீவிரம் 8. திடமான ஆளுக்கு ஒருநாள் அவதி, ஆனால் முதியவருக்கும் ஏற்கெனவே உடல் தளர்ந்தவருக்கும் ஆஸ்பத்திரி வரை போகும். அதோடு ஒரே அண்டாவிலிருந்து ஐம்பது தட்டுகளுக்குப் போகிறது. கண்டறிதல் 9. எட்டை ஏழால் பெருக்கி, வந்ததை ஒன்பதால் பெருக்கினால் 504.

மாஸ்டர் விடமாட்டார். "காலைல தளதளன்னு கொதிக்க வச்சுத்தானே ஊத்துறோம்?" இந்தக் கேள்வி நியாயமானது, இதை ஒதுக்கக் கூடாது. வித்திலிருந்து வெளிவந்து பெருகிய பெர்ஃப்ரிஞ்சென்ஸ், அண்டா முழுவதும் 75 டிகிரியைத் தாண்டினால் செத்துவிடும். அந்த அளவில் மாஸ்டர் சொல்வது சரி. இரண்டு இடத்தில் அது உதவாது. பன்னிரண்டரை மணிக்குக் கூட்டம் ஏறியதும், ஓரத்தில் மட்டும் குமிழ் விடும் அண்டாவிலிருந்து கரண்டி உள்ளே போய்விடும். கிளறாத அண்டாவின் நடுவில் சூடு எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்று, சில கிருமிகள் தாம் செத்தாலும் நஞ்சை விட்டுச் செல்லும். விரல் புண்ணிலிருந்து விழும் ஸ்டாஃபிலோகாக்கஸின் நஞ்சு சாதாரணக் கொதியில் அழியாது. சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸின் வாந்தி நஞ்சு இன்னும் கெட்டி. பிரஷர் குக்கர் சூடும் அதை ஒன்றும் செய்வதில்லை. மீந்த பிரியாணி அரிசிக்கும் இதே தாளில் ஒரு வரி வேண்டும் என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

504 என்று வந்தாயிற்று, என்ன செய்வது? அமெரிக்க உணவு விதித்தொகுப்பு ஒரு கணக்குச் சொல்கிறது: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும், 5 டிகிரிக்கு மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள். நம் ஊருக்கு இதில் ஒரு சிக்கல். மதுரையிலும் சென்னையிலும் கோடை இரவில் அறையின் சூடே 30 டிகிரி. காற்றில் வைத்து, மின்விசிறி போட்டு, விடிய விடியக் காத்திருந்தாலும் 21 வராது. ஆகவே ஐஸ் இல்லாமல் இங்கே இது நடக்காது.

செய்ய வேண்டியது கடினமில்லை. அண்டாவைக் காலி செய்து, இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான ஸ்டீல் தட்டுகளில் ஊற்ற வேண்டும். 20 லிட்டருக்கு நான்கைந்து பெரிய தட்டுகள் பிடிக்கும். ஆழம் பாதியானால் ஆறும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆவி பறக்கும் சூடு மின்விசிறியில் அடங்கி 60-ஐ நெருங்கியதும் தட்டுகளை ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் வைத்துக் கிளறிக்கொடுக்க வேண்டும். 60-லிருந்து 20-க்குக் கொண்டுவர ஏழெட்டு கிலோ ஐஸ் கரையும். ஜூஸ் கடைக்கு ஐஸ் போடுபவரிடமே வாங்கலாம், தட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதன் பிறகுதான் ஃபிரிட்ஜ்.

இந்த வரிசையை மாற்றி, அண்டாவை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளினால் என்ன என்று சப்ளையர் கேட்கக்கூடும். பழைய பழுதைத் தீர்க்கப்போய்ப் புதிய பழுதை வாங்கிக்கொள்வதற்கு இது நல்ல உதாரணம். அண்டாவின் நடுப்பகுதி அங்கேயும் மெதுவாகத்தான் ஆறும். கூடவே பக்கத்தில் இருக்கும் பச்சைக் கறியையும் பாலையும் அது சூடாக்கிவிடும். தாளில் எழுதும் ஒவ்வொரு தீர்வுக்கும் "இதனால் வேறென்ன கெடும்?" என்ற கேள்வியை மறுபடி கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மூன்றாவது எண்ணைக் குறைக்க ஒரு கருவி வேண்டும்: ஊசிபோலக் குத்திப் பார்க்கும் உணவு வெப்பமானி. தட்டில் ஊற்றியபோது ஒருமுறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, காலையில் கொதித்த பின் அண்டாவின் நடுவில் ஒருமுறை குத்திப் பார்த்து எழுத வேண்டும். 21-க்கு மேல் காட்டினால் என்ன செய்வது என்பதும் முன்பே தீர்மானமாகி எழுதியிருக்க வேண்டும். இரவு ஒரு மணிக்கு முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்கும் நிலை வந்தால் எந்தப் பையனும் போன் போட மாட்டான். வெப்பமானி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உடைத்த ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குத்துங்கள். பூஜ்ஜியம் காட்ட வேண்டும். கொதிநீரில் வைத்துச் சோதிப்பதும் உண்டு, ஆனால் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அங்கே நல்ல வெப்பமானியையும் பழுதென்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இதையெல்லாம் செய்தால் இரண்டாவது எண் 7-லிருந்து 3, மூன்றாவது 9-லிருந்து 3. தீவிரம் அதே 8. பெருக்கினால் 72. தீவிரம் ஏன் குறையவில்லை என்று கேட்கத் தோன்றும். ஐஸ் வைத்ததால் நோயின் கடுமை மாறிவிடவில்லை. வந்தால் அதே பேதிதான். இரண்டாம் முறை போட்ட தாளில் யாராவது தீவிரத்தையும் சேர்த்துக் குறைத்திருந்தால், அவர்கள் எண்ணைக் குறைக்க எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என்னைக் கேட்டால், ஐஸுக்கு முன்பே ஒரு வழி இருக்கிறது. மீதம் வைக்காமல் இருப்பது. எட்டு மணிக்கு ஒரு பெரிய அண்டாவுக்குப் பதில் ஏழுக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று என்று சின்னதாக இரண்டு முறை இறக்கினால், மீறும் இரவுகள் பாதியாகும். இதை மாஸ்டர்கள் விரும்ப மாட்டார்கள். "சால்னா தீந்துபோச்சு" என்று பத்தரை மணிக்கு ஒரு மேஜையிடம் சொல்ல வேண்டிவருவது அவர்களுக்கு மானப் பிரச்சினை. அதையும் தாளில் ஒரு வரியாக எழுதி மதிப்பெண் போடுங்கள். தீவிரம் 4-ஐத் தாண்டாது.

இதுவரை எண் நமக்கு நல்ல வேலை செய்தது. அது ஏமாற்றும் இடமும் உண்டு. அதே தாளில் இன்னும் இரண்டு வரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

ஒன்று, பரோட்டா தாமதமாக மேஜைக்குப் போவது. சனிக்கிழமை இரவென்றால் சொல்லவே வேண்டாம், தினமும் நடக்கிறது: 9. வாடிக்கையாளர் கடுப்பாவார், அவ்வளவுதான்: 3. அவர் குரல் எழுப்பும்வரை உள்ளே பாதி நேரம் தெரிவதில்லை: 6. பெருக்கினால் 162.

இன்னொன்று, முந்திரி ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு முந்திரி அரைத்து ஊற்றிய குருமா போய்ச் சேர்வது. சப்ளையரிடம் அவர் சொல்லியிருப்பார். ஆனால் உள்ளே போகும் ஆர்டர் சீட்டில் "1 குருமா" என்று மட்டும்தான் இருக்கும். தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடலாம்: 10. வருடத்தில் ஒருமுறை நடந்தால் அதிகம்: 2. அரைத்த முந்திரியைக் குருமாவில் கண்ணால் காண முடியாது: 8. பெருக்கினால் 160.

ஆக, பட்டியலில் தாமதமான பரோட்டா ஓர் உயிரைவிட இரண்டு படி மேலே நிற்கிறது.

இந்த முறையின் அடிப்படைக் கோளாறு இது. தீவிரத்தில் 10 என்பது 5-ஐப் போல இரு மடங்கு கெடுதல் என்று யாரும் அளந்து சொல்லவில்லை. அவை வரிசை எண்கள்தான். ஓட்டப் பந்தயத்தில் முதலாவது, இரண்டாவது என்பதைப் பெருக்கிப் பார்ப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும். இன்னும் ஒன்று: 1 முதல் 1,000 வரை என்கிறோமே தவிர, மூன்று எண்களைப் பெருக்கி வரக்கூடிய வெவ்வேறு விடைகள் 120 மட்டும்தான். முற்றிலும் வேறான ஆபத்துகள் ஒரே எண்ணில் வந்து மோதிக்கொள்ளும். கார் தொழிலுக்கு இது பல காலமாக உறுத்திக்கொண்டிருந்தது. அமெரிக்க, ஜெர்மன் கார் தொழில் அமைப்புகள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட கையேடு பெருக்கலையே கைவிட்டுவிட்டது. அதற்குப் பதில் ஓர் அட்டவணை: மூன்று எண்களையும் அதில் பார்த்து, முன்னுரிமை உயர்வா, நடுத்தரமா, குறைவா என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தீவிரத்துக்கு அதில் முதல் மரியாதை.

ஹோட்டலுக்கு அந்த அட்டவணை வேண்டியதில்லை. ஒரு விதி போதும்: தீவிரம் 9 அல்லது 10 உள்ள வரிகளைத் தனித் தாளில் முதலில் எடுத்துவிடுங்கள், பெருக்கினால் எவ்வளவு வந்தாலும் சரி. எரிவாயுக் குழாய் பழசாகி வெடிப்பு விட்டிருப்பதற்குப் பத்து, இரண்டு, மூன்று என்று போட்டால் 60-தான் வரும், நாற்றம் காட்டிக்கொடுப்பதால். அதற்காக அதைப் பட்டியலின் அடியில் போட முடியாது. குருமாவுக்கு வழி எளிது. ஒவ்வாமை இருந்தால் சிவப்புச் சீட்டு. அந்தச் சீட்டைச் சப்ளையர் மாஸ்டரின் கையில் கொடுத்து வாயால் சொல்ல வேண்டும். அந்தத் தட்டுக்குத் தனிக் கரண்டி, தனிச் சட்டி. கம்பியில் குத்திவிட்டுத் திரும்பிப் போகக் கூடாது. முந்திரி போடாத குருமா அன்றைக்கு இல்லையென்றால் "இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். மீதி வரிகளுக்குப் பெருக்கலே போதும்.

மூன்று மாதம் கழித்து இந்தத் தாள் எப்படி இருக்கும் என்பதுதான் பார்க்க வேண்டியது. சுவரில் தொங்கும் வெப்பப் பதிவேட்டைப் புரட்டுங்கள். ஒவ்வொரு இரவும் "20" என்று இருக்கிறதா? உண்மையான அளவீடு அப்படி வராது. 18 வரும், 23 வரும், ஒருநாள் ஐஸ் வராமல் 31 வரும். ஒரு வாரத்துக் கட்டங்கள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் நிரம்பியிருந்தால் சனிக்கிழமை காலை உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் மூன்றாவது எண் 3 அல்ல, பழையபடி 9. அந்த 72, தாளில் மட்டும் இருக்கும் 72. பையனைத் திட்டுவதால் இது மாறாது. இரவு ஒரு மணிவரை நின்று தட்டைக் குத்திப் பார்ப்பதற்கு அவனுக்குக் கூலி இருக்கிறதா, கடைசி பஸ் போய்விடுகிறதா என்று கேட்டால் காரணம் கிடைக்கும். அந்தக் காரணத்துக்கும் தாளில் ஒரு வரி எழுத வேண்டும்.

மாஸ்டர் மாறினாலோ, மெனுவில் புதிதாக ஒன்று சேர்ந்தாலோ, ஃபிரிட்ஜ் இடம் மாறினாலோ தாளை மறுபடி எடுக்க வேண்டும். ஷவர்மா மெஷின் ஒன்றை வாசலில் வைப்பது என்றால் அதற்குத் தனித் தாளே வேண்டும். எண்களை அடுத்த ஹோட்டலிலிருந்து நகல் எடுக்க முடியாது. அவர்களுடைய 504 உங்களுக்கு 200 ஆக இருக்கலாம், உங்களிடம் 40 ஆக இருப்பது அவர்களுக்கு 700 ஆகலாம்.

ஹோட்டல் நடத்துபவர்கள் இதற்குக் கம்ப்யூட்டரும் ஆலோசகரும் தேட வேண்டியதில்லை. இரவில் மீறும் ஏதாவது ஒரு பதார்த்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நாலு மணிக்கு ஐந்து பேர் உட்காருங்கள், பாத்திரம் கழுவுபவரை முதலில் பேசவிடுங்கள். அதற்கு முன் ஒரு வெப்பமானி வாங்கிவிடுங்கள்.